ஆறு வார நிதி திரட்டல்: என்ன வந்தது, என்ன செலவானது, யார் திரும்பி வந்தார்கள்

அறங்காவலர்களுக்கும், தொலைபேசியில் தொண்டை வற்றப் பேசிய தன்னார்வலர்களுக்கும்,

மாலை நேரப் படிப்பு மையங்களுக்காக ஆறு வாரம் நிதி திரட்டினோம். இலக்கு 15,00,000 ரூபாய். வந்தது 13,68,000. மொத்தம் 1,140 நன்கொடைகள், சராசரி 1,200 ரூபாய். இலக்கைத் தொடவில்லை, ஆனால் அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு விஷயம், கீழே வருகிறது.

கையிலிருந்து செலவழித்த பணம் 2,05,200. அதாவது ஒரு நன்கொடை கைக்கு வர 180 ரூபாய் ஆகியிருக்கிறது, வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் 15 பைசா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் நம் சம்பளப் பணியாளர்கள் மூன்று பேர் இந்த வேலைக்காகச் செலவிட்ட நேரம் சேரவில்லை. போன வருடமும் சேர்க்கவில்லை, அதனால் ஒப்பிட வசதியாக அப்படியே வைத்திருக்கிறேன். அவர்கள் நேரத்துக்கு 1,02,600 என்று வைத்தால் ஒரு நன்கொடைக்கு 270 ரூபாய் ஆகிவிடும். யாராவது நன்கொடையாளர் நேரில் கேட்டால் இந்த இரண்டாவது எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

வழிவாரியாகப் பிரித்தால் (பணியாளர் நேரம் இல்லாமல்):

தொலைபேசியும் வாட்ஸ்அப்பும்: செலவு 22,800, நன்கொடைகள் 380, ஒன்றுக்கு 60 ரூபாய், வரவு 6,08,000
மின்னஞ்சல்: செலவு 6,000, நன்கொடைகள் 150, ஒன்றுக்கு 40 ரூபாய், வரவு 1,80,000
சமூக ஊடக விளம்பரம்: செலவு 1,20,400, நன்கொடைகள் 430, ஒன்றுக்கு 280 ரூபாய், வரவு 3,01,000
இசை மாலை: செலவு 56,000, நன்கொடைகள் 180, ஒன்றுக்கு 311 ரூபாய், வரவு 2,79,000

இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் இசை மாலையை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு ரூபாய் வர எவ்வளவு செலவு என்று பார்த்தால் கதை மாறுகிறது: இசை மாலையில் 20 பைசா, விளம்பரத்தில் 40 பைசா. வந்து உட்கார்ந்து கேட்டவர்கள் சராசரியாக 1,550 கொடுத்திருக்கிறார்கள், விளம்பரத்தைத் தட்டி வந்தவர்கள் 700. தொலைபேசி மலிவாகத் தெரிவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அங்கே நாம் பேசியது ஏற்கெனவே நம்மைத் தெரிந்தவர்களிடம். அவர்களை முதன்முதலாகக் கூட்டி வந்த செலவு என்றோ ஒரு வருடக் கணக்கில் போய்விட்டது.

விளம்பரச் செலவில் ஒரு விபத்தும் இருக்கிறது. ஐந்தாவது வாரம் சனிக்கிழமை மாலை பணம் செலுத்தும் பக்கம் நான்கு மணி நேரம் வேலை செய்யவில்லை, விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, 9,400 ரூபாய் வீண். அதைக் கவனிக்கும் முறை அன்று என்னுடையது, நான் கவனிக்கவில்லை. அந்தத் தொகையைக் கழித்தால் விளம்பர நன்கொடை ஒன்றுக்கு 258 ரூபாய். அப்போதும் அது மலிவாகிவிடவில்லை.

சரி, இப்போது கவலைக்குரிய விஷயம். போன வருடம் நமக்குக் கொடுத்தவர்கள் 1,000 பேர். அவர்களில் இந்த வருடமும் கொடுத்தவர்கள் 410, அதாவது 41 சதவீதம். முதலில் எக்செல்லில் 387 என்றுதான் வந்தது. தலைப்பெழுத்து ஒரு வருடம் முன்னால், மறு வருடம் பின்னால் என்று எழுதியதால் 23 பேர் ஒரே நேரத்தில் "போனவர்" என்றும் "புதியவர்" என்றும் இருந்தார்கள். தொலைபேசி எண்ணை வைத்துச் சேர்த்த பிறகுதான் 410.

இந்த 41 சதவீதத்துக்குள் இரண்டு வேறு வேறு கூட்டம் ஒளிந்திருக்கிறது. ஏற்கெனவே இரண்டு முறையோ அதற்கு மேலோ கொடுத்தவர்கள் 360 பேர், அதில் 250 பேர் வந்துவிட்டார்கள், 69 சதவீதம். போன வருடம்தான் முதல் முறை கொடுத்தவர்கள் 640 பேர், வந்தது 160, வெறும் 25 சதவீதம். இரண்டாவது முறை கொடுக்க வைப்பதுதான் கஷ்டம், அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் நம்மோடு இருக்கிறார்கள். அந்த 640 பேரை எப்படி வந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தேன். விளம்பரம் வழியாக வந்த 300 பேரில் திரும்பியது 39. நிகழ்ச்சிக்கு வந்த 190 பேரில் 61. நண்பர் சொல்லி வந்த 150 பேரில் 60.

இதைச் செலவோடு சேர்த்துப் பாருங்கள். இந்த வருடம் விளம்பரம் 402 புதியவர்களைக் கொண்டுவந்தது, தலைக்கு ஏறக்குறைய 300 ரூபாய். போன வருடம் போலவே 13 சதவீதம்தான் திரும்புவார்கள் என்றால், நிலைக்கும் ஒருவருக்கு நாம் கொடுக்கும் விலை 2,300 ரூபாய். இசை மாலையில் 150 புதியவர்கள், தலைக்கு 373, அதில் 32 சதவீதம் திரும்பினால் ஒருவருக்கு ஏறக்குறைய 1,170. நன்கொடை ஒன்றுக்கான செலவில் கடைசியில் நின்ற இசை மாலை இந்தக் கணக்கில் விளம்பரத்தைவிடப் பாதி விலைதான்.

ஏன் திரும்பவில்லை? வராதவர்களில் 40 பேரை நாங்கள் கூப்பிட்டோம், 26 பேர் எடுத்தார்கள். பண நெருக்கடி என்று சிலர் சொன்னார்கள், அதற்கு நாம் செய்ய ஒன்றுமில்லை. ஒரு பெரியவர் கோபப்படக்கூட இல்லை, "கொடுத்தேன், அப்புறம் அடுத்த தடவை கேட்கத்தான் கூப்பிட்டீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருடைய பதிவைத் திறந்தேன். ரசீது 52 நாள் கழித்துப் போயிருக்கிறது. நன்றிக் கடிதம் என்ற கட்டம் காலி.

போன வருடம் முதல் முறை கொடுத்தவர்களில் 216 பேருக்கு ரசீது ஒரு மாதத்துக்கு மேல் தாமதம். அவர்களில் திரும்பியது 27 பேர், எட்டில் ஒருவர். சரியான நேரத்தில் பெற்ற 424 பேரில் 133 பேர் வந்தார்கள், 31 சதவீதம். தாமதம்தான் முழுக் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் தாமதமானவர்களில் பெரும்பாலானோர் விளம்பரம் வழியாக வந்தவர்கள். அந்தப் படிவத்தில்தான் மின்னஞ்சல் முகவரியைப் பலர் தப்பாகத் தட்டியிருந்தார்கள். இரண்டையும் பிரிக்க நம்மிடம் இருக்கும் பதிவு போதாது. ஆனாலும் ரசீதை நேரத்துக்கு அனுப்ப ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மாதாமாதம் கொடுக்க 46 பேர் பதிந்திருக்கிறார்கள், சராசரி 300 ரூபாய். இது மேலே உள்ள வரவில் சேரவில்லை. இரண்டாம் மாதமே மூன்று பேரின் அட்டை காலாவதியாகிப் பணம் நின்றுவிட்டது. அவர்களுக்குத் தெரியவே தெரியாது, ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

அடுத்த முறைக்கு நான் கேட்பது: விளம்பரத்துக்கு 70,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம். மிச்சத்தில் ஒரு பங்கை, பழைய நன்கொடையாளர்கள் தங்கள் நண்பர்களை அழைத்து வர ஒரு சின்னச் சந்திப்புக்கு ஒதுக்கலாம். ரசீது 48 மணி நேரத்துக்குள், படிவத்தில் தொலைபேசி எண் கட்டாயம். மூன்றாம் மாதம் ஒரு அழைப்பு, அதில் பணம் கேட்கக் கூடாது, மையத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த வருடம் புதிதாக வந்தவர்கள் 642 பேர். இரண்டு தன்னார்வலர்கள் நாளுக்கு எட்டு அழைப்பு வீதம் பேசினால் ஏறக்குறைய 40 நாளில் முடித்துவிடலாம். ஒருவர் வருவதாகச் சொல்லிவிட்டார், இன்னொருவர் வேண்டும்.