வழித்தாள்: கிடங்கு வாசல் முதல் புதிய பள்ளிக் கட்டடம் வரை, 18.4 கி.மீ.

மேசை, நாற்காலி ஏற்றிவரும் லோடு வண்டிக்கு. மேப்பில் எடுத்த மூன்று ஸ்கிரீன்ஷாட்களில் இருந்த வழி, வரிசை எண் போட்டு இங்கே எழுதப்பட்டுள்ளது. தூரங்கள் திரையில் இருந்தபடியே உள்ளன. எதையும் கூட்டவோ முழு எண்ணாக்கவோ இல்லை. திரையில் இல்லாமல் சேர்த்தவை எல்லாம் "குறிப்பு" என்ற சொல்லுக்குப் பின்னால் வருகின்றன.

திரையின் மேல்வரி: 38 நிமிடம், 18.4 கி.மீ., சுங்கக் கட்டணம் உண்டு. படம் எடுத்த நேரம் காலை 9:42. அந்த 38 நிமிடம் அந்த நேரத்து நெரிசலுக்கு உரியது, வேறு நேரத்துக்குப் பொருந்தாது. தூரத்தை மட்டும் நம்பி ஓட்டுங்கள்.

ஒவ்வொரு எண்ணிலும் உள்ள தூரம், அந்தத் திருப்பத்தை எடுத்த பிறகு ஓட்ட வேண்டிய தூரம். "இடது, 850 மீ." என்றால் இடதுபுறம் திரும்பி 850 மீட்டர் போக வேண்டும். 850 மீட்டர் போய் இடதுபுறம் திரும்புவது அல்ல. வண்டி ஓடும்போது மேப் மேலே காட்டும் தூரம் அடுத்த திருப்பம் வரை மீதி இருப்பது. பட்டியலில் இருப்பது அப்படியல்ல. இதைக் குழப்பிக்கொண்டால் முதல் திருப்பத்திலேயே வழி மாறிவிடும்.

கிடங்கு வாசலில் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அடைப்புக்குள் இருப்பது, அந்தத் திருப்பம் வரும்போது மீட்டர் காட்ட வேண்டிய எண். அது கூட்டிப் போட்டது, திரையில் இருந்தது அல்ல.

1. கிடங்குத் தெருவில் வடக்கு நோக்கிப் புறப்படுங்கள். 120 மீ. (மீட்டர் 0.0)
குறிப்பு: வாசலை விட்டு வெளியே வந்ததும் வலது. "வடக்கு" என்று மட்டும் இருந்தால் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் பயனில்லை.

2. இடதுபுறம் திரும்பி மேற்கு முதன்மைச் சாலையில் செல்லுங்கள். 850 மீ. (0.1)

3. சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளையில் செல்லுங்கள். 400 மீ. (1.0)
குறிப்பு: இது திருப்பம் அல்ல, பிரிவு. திரையில் அம்புக்குறி லேசாகத்தான் சாய்ந்திருக்கிறது. 0.9 வந்ததும் வலது ஓரத் தடத்துக்கு மாறிவிடுங்கள். பாரம் ஏற்றிய வண்டியைக் கடைசி நேரத்தில் வெட்டி ஒடிக்க முடியாது.

4. ரவுண்டானாவில் இரண்டாவது வழியாக வெளியேறி ஏரிக்கரைச் சாலையில் செல்லுங்கள். 2.3 கி.மீ. (1.4)
குறிப்பு: உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் முதலில் வரும் சாலையை விட்டுவிடுங்கள், அடுத்தது நம்முடையது. எண்ணிக்கை தவறினால் இன்னொரு சுற்று சுற்றி வாருங்கள். அந்தச் சுற்றுக்கு மீட்டரில் 0.1 கூடியிருக்கலாம்.

5. வலதுபுறம் திரும்பி ரயில்வே கேட் சாலையில் செல்லுங்கள். 650 மீ. (3.7)

6. இடதுபுறம் திரும்பி பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் செல்லுங்கள். 300 மீ. (4.3)

7. வலப்பக்கம் ஒதுங்கி பைபாஸில் சேருங்கள். 9.6 கி.மீ. (4.6)
குறிப்பு: முதல் ஸ்கிரீன்ஷாட்டின் அடியில் இந்த வரி பாதியில் வெட்டுப்பட்டு, தூரம் தெரியாமல் இருந்தது. இரண்டாவது படத்தின் மேல்வரியில் இதே வரி மறுபடி முழுதாக வருகிறது. இரண்டும் ஒன்றே, ஆகவே ஒரே எண்தான். இரண்டு படிகளாக எண்ணியிருந்தால் மொத்தம் 28 கி.மீ. ஆகியிருக்கும். சுங்கச்சாவடி இந்த 9.6 கி.மீ.க்குள் எங்கே இருக்கிறது என்று திரையில் இல்லை.

8. இடதுபுற வெளிவழியில் இறங்குங்கள். 450 மீ. (14.2)
குறிப்பு: இந்த வழியிலேயே தவறவிட எளிதான இடம் இதுதான். 13.5 தாண்டியதும் இடது தடத்தில் மெதுவாக வாருங்கள். தவறவிட்டால் பைபாஸில் பின்னால் வர வேண்டாம், ஓரமாக நிறுத்தவும் வேண்டாம். அடுத்த வெளிவழியில் இறங்கி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி போன் செய்யுங்கள். அதற்குப் பிறகான மீட்டர் எண்கள் பொருந்தாது.

9. மேம்பாலத்தின் அடியில் யூ டர்ன் எடுங்கள். 200 மீ. (14.7)
குறிப்பு: எதிர்ப்பக்க சர்வீஸ் ரோட்டில் வந்து சேர்வீர்கள். அடுத்த திருப்பம் 200 மீட்டரிலேயே வருகிறது, வேகம் பிடிக்க வேண்டாம்.

10. இடதுபுறம் திரும்பி நீர்த்தேக்கச் சாலையில் செல்லுங்கள். 2.9 கி.மீ. (14.9)
குறிப்பு: திரும்பியதும் வண்டியை நிறுத்தி ட்ரிப் மீட்டரை மறுபடி பூஜ்யமாக்குங்கள். காரணம் அடுத்த வரியில்.

11. வலதுபுறம் திரும்புங்கள். 500 மீ. (புதிய மீட்டரில் 2.9)
குறிப்பு: திரையில் இந்தச் சாலைக்குப் பெயரே இல்லை. அடையாளம் தூரம் ஒன்றுதான். மேப் 2.9 என்று காட்டினால் உண்மையில் 2.85 முதல் 2.95 வரை எதுவாகவும் இருக்கலாம். வண்டி மீட்டரும் 100 மீட்டருக்கு ஒருமுறைதான் எண் மாறும். பழைய மீட்டரையே வைத்திருந்தால் பைபாஸின் பிசகும் ரவுண்டானாவின் பிசகும் சேர்ந்து இங்கே வந்து நிற்கும். 2.7 வந்ததும் வலப்பக்கம் பார்க்கத் தொடங்குங்கள். 3.1 தாண்டியும் சாலை வரவில்லை என்றால் கடந்துவிட்டீர்கள்.

12. இடதுபுறம் திரும்புங்கள். 90 மீ. (3.4)
சேருமிடம் வலதுபுறம். (3.5)

எல்லாத் தூரங்களையும் கூட்டினால் 18.36 கி.மீ. வருகிறது. மேல்வரியில் இருப்பது 18.4. ஆகவே படங்களுக்கு நடுவே எந்த வரியும் விடுபடவில்லை.

திரையில் சாம்பல் நிறத்தில் இன்னொரு பாதையும் தெரிகிறது, "6 நிமிடம் கூடுதல்" என்ற குறிப்போடு. அதன் படிகள் படத்தில் இல்லை. இந்தத் தாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: படம் கார் முறையில் எடுத்தது. வண்டியின் உயரம், எடை எதுவும் அதில் கணக்கில் இல்லை. பாரத்தோடு வண்டியின் உயரத்தைப் புறப்படும் முன் டேப் வைத்து அளந்து, ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பாலத்தின் அடியிலோ ரயில்வே கேட் சாலையிலோ உயரத் தடுப்புக் கம்பி இருந்தால், அதில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்த பிறகே நுழையுங்கள். சந்தேகமாக இருந்தால் நுழையாமல் போன் செய்யுங்கள்.

கண்ணாடிக்குக் கீழே ஒட்ட, சுருக்கம்:

0.0 வாசலில் வலது
0.1 இடது, மேற்கு முதன்மைச் சாலை
1.0 பிரிவில் வலது
1.4 ரவுண்டானா, இரண்டாவது வழி
3.7 வலது, ரயில்வே கேட் சாலை
4.3 இடது, சர்வீஸ் ரோடு
4.6 பைபாஸில் சேர்
14.2 இடது வெளிவழி
14.7 பாலத்தடியில் யூ டர்ன்
14.9 இடது, நீர்த்தேக்கச் சாலை, மீட்டர் பூஜ்யம்
2.9 வலது, பெயரில்லாத சாலை
3.4 இடது
3.5 வலப்பக்கம் பள்ளிக் கட்டடம்