கயல்விழியின் கணக்குப் பாடம் குறித்து நேரில் பேச நேரம் கேட்டு

வணக்கம் டீச்சர்,

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் கயல்விழியின் அம்மா எழுதுகிறேன். கணக்கில் அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று உங்களிடம் நேரில் 20 நிமிடம் பேச வேண்டும். வரும் செவ்வாய் அல்லது வியாழன், பள்ளி விட்டதும் மாலை 4.15 மணிக்கு வரலாமா? விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தால் அடுத்த வாரம் உங்களுக்குத் தோதான நாளைச் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருப்பதால், அதற்குள் பேசிவிட்டால் திருத்திக்கொள்ள அவளுக்கு அவகாசம் கிடைக்கும்.

போன ஆண்டு இறுதியில் 83 வாங்கியவள், காலாண்டில் 64தான் வாங்கினாள். விடைத்தாளை உட்கார்ந்து பார்த்தேன். போன 36 மதிப்பெண்ணில் 20, தொடவே தொடாமல் விட்ட ஐந்து மதிப்பெண் கணக்குகள் நான்கில் போனது. நான்குமே வாக்கியக் கணக்குகள். இன்னொரு 10, குறை எண்களில் குறி மாறியதால்: −7 − (−3) என்பதற்கு −10 என்று எழுதியிருக்கிறாள். மீதி 6 சில்லறைத் தவறுகள்.

அதே வாக்கியக் கணக்கை வீட்டில் நான் வாசித்துச் சொன்னால் போட்டுவிடுகிறாள். தானாக வாசிக்கும்போது, "இது கூட்டலா கழித்தலாம்மா?" என்று கேட்கிறாள். கேள்வி புரியவில்லையா, நேரம் போதவில்லையா, பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கண் பரிசோதனை செய்தாயிற்று, பார்வையில் குறை இல்லை.

வகுப்பில் அவள் சந்தேகம் கேட்கிறாளா, கரும்பலகையைப் பார்த்து எழுதுவது தவிரத் தானாகப் போடும் கணக்கு எப்படி இருக்கிறது, மற்ற பாடங்களிலும் இந்தத் தயக்கம் உண்டா என்பவை உங்களுக்குத்தான் தெரியும். வீட்டில் நான் சொல்லிக்கொடுக்கும் முறை பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் முறையோடு முட்டுகிறதா என்றும் கேட்க வேண்டும். அதுவே குழப்பத்துக்குக் காரணமாக இருந்தால் நான் மாற்றிக்கொள்கிறேன். மதிப்பெண்ணைக் கூட்டிப் போடச் சொல்லிக் கேட்க வரவில்லை, டீச்சர்.

கணக்கு ஆசிரியரும் ஐந்து நிமிடம் வந்து இருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அவர் கருத்தை நீங்கள் கேட்டுச் சொன்னாலே போதும். காலாண்டு விடைத்தாளையும் ரஃப் நோட்டையும் கொண்டுவருகிறேன்.

நான் எழுதுவது கயலுக்குத் தெரியும். ஆனாலும் வகுப்பில் மற்ற பிள்ளைகள் முன் இதைக் கேட்க வேண்டாம், கூசிப்போவாள். முதலில் நாம் பேசிவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அப்படியே.

பதிலை அவள் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

நன்றியுடன்,
சுமதி
(கயல்விழியின் அம்மா)