2025–26 காய்கறிப் பருவத்துக்கான பயிர்ச்சுழற்சி நிதித் திட்டம்

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்; எங்கள் உழவர் குழுவின் தலைவர் அவர்கள்

ஒட்டன்சத்திரம் வட்டத்தில் மூன்று ஏக்கரில் கிணற்றுப் பாசனத்தில் காய்கறி செய்கிறோம். சொட்டுநீர் போட்டிருக்கிறோம். விளைச்சல் முழுவதும் குழுவின் வழியாகவே விற்பனையாகிறது. எங்கள் கிசான் கடன் அட்டையின் வரம்பை 1,30,000 ரூபாயாக நிர்ணயிக்கவும், அந்தப் பணத்தை எடுக்கும் நாளையும் திருப்பும் நாளையும் பயிரின் போக்கோடு பொருத்தவும் கேட்டு இந்தத் திட்டத்தை அளிக்கிறோம்.

காய்கறிக்கு ஒரே நாளில் மொத்தக் கடனையும் கொடுத்து, ஆண்டு கழித்து மொத்தமாகக் கேட்பது பொருந்தாது. நெல்லுக்கும் கரும்புக்கும் அறுவடை ஒருமுறை. தக்காளிக்கு இரண்டு மாதம் பறிப்பு நடக்கிறது, பணமும் துண்டு துண்டாகத்தான் வருகிறது. கையில் வந்த பணம் அன்றே கடனில் சேரவில்லை என்றால் வேறு செலவில் கரைந்துவிடும். கிசான் கடன் அட்டையில் எடுத்துக் கட்டி, மீண்டும் எடுக்கலாம். நிலுவைக்கு மட்டுமே வட்டி. அந்த வசதியை முழுதாகப் பயன்படுத்துவதே எங்கள் எண்ணம்.

பயிர்களும் செலவும்

| பயிர் (ஒரு ஏக்கர்) | விதைப்பு / நடவு | பறிப்பு / அறுவடை | அதற்கு முந்தைய செலவு |
|---|---|---|---|
| வெண்டை | ஜூலை முதல் வாரம் | ஆகஸ்ட் 20 – அக்டோபர் 10 | ரூ. 42,000 |
| தக்காளி | ஆகஸ்ட் முதல் வாரம் | அக்டோபர் நடு – டிசம்பர் நடு | ரூ. 75,000 |
| சின்ன வெங்காயம் | நவம்பர் முதல் வாரம் | ஜனவரி கடைசி | ரூ. 75,000 |

வெண்டைக்குக் கடன் வேண்டாம். எங்கள் சேமிப்பு 42,000 ரூபாய் அதற்குப் போதும். ஐந்து டன் வரும் என்றும், கிலோ 20 ரூபாய்க்குப் போகும் என்றும் கணக்கிட்டிருக்கிறோம். பறிப்புக் கூலி 35,000, குழுவின் ஐந்து சதவீதம் 5,000 போக 60,000 ரூபாய் நிற்கும். வீட்டுச் செலவு இரண்டு பசுக்களின் பாலில் ஓடுவதால் இந்தத் தொகையைத் தொடாமல் வெங்காயத்துக்கு வைக்க முடியும்.

தக்காளிக்குத்தான் கடன் தேவை. ஜூலை கடைசியில் உழவுக்கும் குழித்தட்டு நாற்றுக்கும் 16,000. ஆகஸ்ட் கடைசியில் உரம், களை, குச்சி கட்டும் கூலிக்கு 33,000. செப்டம்பர் கடைசியில் இரண்டாம் உரத்துக்கும் மருந்துக்கும் 26,000. மொத்தத்தையும் ஜூலையிலேயே எடுக்க விரும்பவில்லை. தேவைப்படாத பணத்துக்கு வட்டி கட்டுவது வீண்.

தக்காளிக் கணக்கு

இந்தத் திட்டம் நிற்பதும் விழுவதும் தக்காளிப் பெட்டியின் விலையில்தான். வடகிழக்கு மழைக்காலப் பயிர் என்பதால் குச்சி கட்டிய கொடிக்கும் 14 டன்னுக்கு மேல் எதிர்பார்க்கவில்லை. 14 கிலோ பெட்டியில் அது 1,000 பெட்டி. பறிப்பு, ஏற்றுகூலி, வண்டி சேர்த்துப் பெட்டிக்கு 40 ரூபாய். குழுவின் பங்கு ஐந்து சதவீதம். இவற்றைக் கழித்தபின் 75,000 ரூபாய் செலவை மீட்க, பெட்டி சராசரியாக 121 ரூபாய்க்கு விற்க வேண்டும். திட்டத்தில் 170 ரூபாய் வைத்திருக்கிறோம். பெட்டி 42 ரூபாய்க்குக் கீழே போனால் பறிப்பதே நட்டம்.

எனவே கடனைக் கட்டுவதையும் விலையோடு இணைத்திருக்கிறோம். பெட்டி 130 ரூபாயும் அதற்கு மேலும் விற்கும் நாட்களில், குழு எங்களுக்குப் பணம் போடும் முன் பெட்டிக்கு 80 ரூபாயைக் கடன் கணக்கில் நேரடியாகச் செலுத்தும். அதற்குக் கீழே போனால், கூலியும் குழுப் பங்கும் போக நிற்பதில் பாதி. 60 ரூபாய்க்கும் கீழே போனால் அந்த வாரம் பிடித்தம் இல்லை. இருக்கும் பணம் பறிப்பாட்களுக்கே போக வேண்டும். கூலி கிடைக்காத ஆட்கள் அடுத்த வாரம் விலை ஏறினாலும் வரமாட்டார்கள்.

170 ரூபாய் கிடைத்தால் டிசம்பர் நடுவில் 80,000 ரூபாய் கட்டப்பட்டு, அசலும் அதுவரையிலான வட்டியும் முடிந்துவிடும். சராசரி 100 ரூபாய்க்கு இறங்கினால் 27,500 ரூபாய்தான் சேரும். 47,500 ரூபாய் வெங்காயத்தின் தலையில் ஏறும்.

வெங்காயம்

விதைக்காய் 500 கிலோ வாங்க வேண்டும், அதற்கு மட்டும் 25,000. நடவுக் கூலி 10,000, இருமுறை களையெடுப்புக்கு 14,000. மீதி 26,000 உழவுக்கும் உரத்துக்கும் மருந்துக்கும். வெண்டைப் பணம் 60,000 கையில் இருந்தால் கடன் 15,000 போதும். வெண்டை கிலோ 12 ரூபாய்க்குச் சரிந்தால் 22,000தான் நிற்கும். அப்போது 53,000 எடுக்க வேண்டியிருக்கும். தக்காளியின் 75,000 இன்னும் அடையாத நவம்பரில் இதுவும் சேர்ந்தால் நிலுவை 1,28,000 வரை போகலாம். வரம்பை 1,30,000 என்று கேட்பதன் காரணம் இதுதான். வழக்கமான ஆண்டில் தக்காளிப் பணம் இடையில் வந்துவிடுவதால் 90,000 ரூபாயைத் தாண்ட வாய்ப்பில்லை.

ஐந்து டன் வெங்காயம் கிலோ 25 ரூபாய்க்குப் போனால் அறுவடைக் கூலி 15,000, குழுப் பங்கு 6,250 போக 1,03,750 ரூபாய். தக்காளியும் வெண்டையும் சேர்ந்தே சரிந்தாலும் மீதிக் கடன் ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கும், வெங்காயம் அதை அடைக்கும். ஆனால் லாபம் என்று கையில் எதுவும் மிஞ்சாது. திருகல் நோய் வந்து விளைச்சல் குறைந்தால் அதுவும் போதாது. எங்கள் பிர்க்காவுக்குப் பயிர்க் காப்பீடு அறிவிக்கப்படும் பயிர்களுக்கு உரிய பிரீமியத்தை நாங்களே கட்டிவிடுவோம். தோட்டப்பயிருக்கு விவசாயியின் பங்கு ஐந்து சதவீதத்தைத் தாண்டாது.

வெங்காயத்தைப் பட்டறையில் வைத்து விலைக்குக் காத்திருக்கலாம், தக்காளிக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் கடன் வைத்துக்கொண்டு காத்திருப்பது சூதாட்டம். ஜனவரி முடிவில் நிலுவை 40,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பாதி வெங்காயத்தைத் தை மாதத்திலேயே விற்றுவிடுவோம். பாதியை மட்டும் மார்ச் வரை வைப்போம். எடை இழப்பையும் அழுகலையும் பார்க்கும்போது அதற்கு மேல் வைப்பதில் பயனில்லை.

வங்கியிடம் கேட்பது

கடைசித் தவணை நாளை 2026 ஏப்ரல் 30 என்று வையுங்கள். மூன்று லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு ஏழு சதவீத வட்டி. உரிய நாளுக்குள் கட்டினால் மூன்று சதவீத ஊக்கத்தொகை உண்டு. வெங்காயம் விற்கும் முன்பே தவணை நாள் வந்துவிட்டால் அந்தச் சலுகையை இழப்போம். திட்டமிட்டபடி நடந்தால் ஏழு சதவீதக் கணக்கில் மொத்த வட்டி சுமார் 1,500 ரூபாய்தான். மண்டி முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள். ஆனால் பத்து சதவீதக் கமிஷனில் தக்காளிக்கு மட்டும் 17,000 ரூபாய் போகும், குழுவில் 8,500தான். விலை சொல்லும் உரிமையும் முன்பணம் கொடுத்தவரிடம் போய்விடும். இரண்டு லட்சம் வரை அடமானம் தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2025 ஜனவரி முதலான விதி. அதன்படி நகை கேட்காமல் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

குழுவிடம் கேட்பது

சரக்கு எடுத்த பத்தாம் நாளுக்குள் பணம் வர வேண்டும். இந்த ஒன்று தவறினால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது. பட்டுவாடா ரசீதில் பெட்டி எண்ணிக்கை, விலை, கடன் பிடித்தம் மூன்றையும் தனித்தனியே எழுதி ஒரு நகலை வங்கிக்கு மாதந்தோறும் அனுப்புங்கள். வெங்காய விதைக்காயை மற்ற உறுப்பினர்களோடு சேர்த்து அக்டோபரிலேயே மொத்தமாக வாங்கித் தந்தால் கிலோவுக்குச் சில ரூபாய் மிஞ்சும்.

சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று, சென்ற இரண்டு ஆண்டுகளில் குழு வழியே விற்ற ரசீதுகள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறோம். நாற்றுப்பண்ணையில் முன்பதிவுத் தொகை கட்ட வேண்டியிருப்பதால் ஜூலை 25-க்குள் முதல் 16,000 ரூபாய் எடுக்க ஆணை கிடைத்தால் ஆடி நடவு தள்ளிப்போகாது.

இப்படிக்கு,
குழு உறுப்பினர் – காய்கறி விவசாயி,
ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்