டீ மேக்கர் ஐயாவுக்கும் வீட்டாருக்கும்

கோத்தகிரி

அன்புள்ள ஐயா,

வணக்கம். செவ்வாய்க்கிழமை நிறைய பேசினோம், ஆனால் நான் அல்சைமர் என்று சொன்னதற்கு அப்புறம் வீட்டில் யாருக்கும் எதுவும் காதில் ஏறியிருக்காது. அதனால்தான் எழுதித் தருகிறேன், மெதுவாகத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். "அப்பாவுக்குச் சொல்ல வேண்டாமே டாக்டர்" என்று மகள் கதவுக்கு வெளியே கேட்டார், நீங்களோ உள்ளே உட்கார்ந்துகொண்டு "எனக்கு என்னன்னு நேரா சொல்லுங்க" என்றீர்கள். மகள் பாசத்தில் கேட்டார், கோபப்படாதீர்கள். ஆனால் நோய் உங்களுடையது, அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் உங்களுடையது.

உங்களுக்கு வந்திருப்பது மறதி நோய், டிமென்ஷியா. அதில் அல்சைமர் என்ற வகை, ஆரம்பக் கட்டம். தைராய்டு குறைந்தாலும் வைட்டமின் பி12 குறைந்தாலும் இப்படி மறதி வரும், அவற்றைச் சரிசெய்துவிடலாம் என்பதால்தான் அத்தனை ரத்தப் பரிசோதனை எடுத்தோம். அதெல்லாம் சரியாக இருக்கிறது. சிடி ஸ்கேனில் கட்டியோ ரத்தக் கசிவோ இல்லை, ஞாபகத்துக்கான பகுதி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. டீ ஃபேக்டரியில் இலை எப்போது பதமாகிறது என்பதை வாசனையிலேயே சொல்லிவிடுவேன் என்று அரை மணி நேரம் துல்லியமாக விளக்கினீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பது மட்டும் வரவில்லை. இந்த நோய் அப்படித்தான், பழையது நிற்கும், புதிதாக நடப்பது மனதில் பதியாது. இது யார் செய்த தப்பும் இல்லை, கண்ணேறும் இல்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. மகன் போனில் கேட்டதற்கும் பதில்: இந்த வயதில் தொடங்கும் அல்சைமர் பெரும்பாலும் நேராக பிள்ளைகளுக்குப் போவதில்லை. அவர் தன் பிரஷரையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு, சிகரெட்டை விட்டால் அதுவே பெரிய உதவி.

மாத்திரை டோனெபெசில், இரவு ஒன்று, 5 மில்லிகிராம். ஒரு மாதம் பார்த்துவிட்டு 10 ஆக்கலாம். நோயை இது குணப்படுத்தாது, இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கொஞ்ச காலம் ஞாபகமும் அன்றாட வேலையும் இப்போதுள்ள அளவில் நிற்க உதவும். வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம். மோசமான கனவு வந்தால் சொல்லுங்கள், காலை வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். தலைசுற்றி மயக்கம் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே வாருங்கள், நாடித்துடிப்பு குறைந்திருக்கலாம். இன்னொன்று, நம் ஊர்க் குளிருக்கு ஆளாளுக்கு சளி மாத்திரை வாங்கிப் போடுவோம், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகளும் இருமல் டானிக்குகளும் உங்கள் குழப்பத்தைக் கூட்டும். மருந்துக்கடையில் இந்தக் கடிதத்தைக் காட்டாமல் எதையும் வாங்காதீர்கள்.

இனி எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். வருடக்கணக்கில், மெதுவாக. எத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது, சிலருக்கு நாலைந்து, சிலருக்குப் பத்துக்கும் மேல். இப்போதைக்கு நீங்கள் நடக்கலாம், தோட்டத்தில் வேலை செய்யலாம், டீக்கடைக்குப் போகலாம், போக வேண்டும். போகப்போக பணக் கணக்கு, வழி, அப்புறம் குளிப்பது உடுத்துவது எல்லாவற்றுக்கும் துணை தேவைப்படும். கடைசிக் கட்டத்தில் விழுங்குவதே சிரமமாகும். அது இன்று யோசிக்க வேண்டியது இல்லை, ஆனால் அதற்கு முன் நீங்களே சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. உயில் எழுத நினைத்தால் இந்த வருடத்திலேயே எழுதுங்கள், இரண்டு சாட்சிகள் வேண்டும், தெளிவோடு இருக்கிறீர்கள் என்று நான் சான்று தருகிறேன். பவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவருக்குச் சுயமாக முடிவெடுக்கும் நிலை போய்விட்டால் அந்தப் பவரும் செல்லாது. மனநலச் சட்டம் 2017 படி, எனக்காக சிகிச்சை விஷயத்தில் இன்னார் பேசட்டும் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கலாம். அது அம்மாவா, மகளா, மகனா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும்.

அவர் முன்னால் அவரைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள், அவரிடமே கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், காத்திருங்கள். ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்டால் அவருக்கு அது முதல் தடவைதான், "இப்பதானே சொன்னேன்" என்பதால் ஒன்றும் ஆகாது, அவருக்குத் தலைகுனிவுதான் மிஞ்சும். பர்ஸைக் காணோம், மருமகள் எடுத்துவிட்டாள் என்று ஒரு நாள் சொல்லலாம். மருமகளே, அது நோய் பேசுவது, தயவுசெய்து மனதில் வைக்காதீர்கள். வாதாடாமல் "வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

மாதம் ஒரு பிள்ளை வீடு என்று முறை வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். திருப்பூரில் மகன் வீடு வசதியாக இருக்கலாம், ஆனால் இந்த வீட்டில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்பது அவர் காலுக்கே தெரியும், புது வீட்டில் ராத்திரி எழுந்தால் தொலைந்துபோவார். மகன் மாதம் ஒரு வார இறுதி வந்து தங்கி, அம்மாவை நிம்மதியாகத் தூங்கவிடுவது அதைவிடப் பெரிய உதவி. அம்மா, உங்கள் முழங்கால் வலியையும் தூக்கத்தையும் தள்ளிப்போடாதீர்கள், நீங்கள் படுத்துவிட்டால் இரண்டு பேரையும் பார்க்க ஆள் தேவைப்படும்.

பொழுது சாயும் நேரத்தில் படபடப்பு கூடும். நைட் ஷிஃப்டுக்குப் போகணும் என்று கிளம்பலாம். இங்கே மூடுபனியில் பத்தடி தெரியாது, தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், கரடி வரும். ஐந்து மணிக்கே விளக்கைப் போடுங்கள், கதவுக்கு மணி கட்டுங்கள், ஸ்வெட்டர் உள்பக்கம் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள், மறைப்பதற்கு இதில் எதுவும் இல்லை. சாத்திய அறையில் கரியடுப்பு மூட்டிக் குளிர் காயக் கூடாது, யாருமே. அவர் தனியாக இருக்கும்போது கேஸ் சிலிண்டர் மூடியிருக்க வேண்டும்.

இரண்டே நாளில் திடீரென்று மோசமானால், உளறினால், தூங்கிக்கொண்டே இருந்தால், மறதி நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சளிக் காய்ச்சல், மலச்சிக்கல் எதுவாகவும் இருக்கும், பெரும்பாலும் சரிசெய்யலாம், அன்றைக்கே கூட்டி வாருங்கள். வண்டி இல்லையென்றால் 108.

உதவிக்கு: மூத்த குடிமக்களுக்கான இலவச எண் 14567. பார்த்துக்கொள்பவருக்கே மனம் உடைந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பிரஷர் மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும், பிற்பாடு படுக்கை நிலை வந்தாலும் அவர்களைக் கேட்கலாம். பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொடுப்பார், ஐயாவை வரிசையில் நிறுத்த வேண்டாம்.

அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய், காலை பத்து மணிக்கு வாருங்கள். மாத்திரை அட்டை, கண்ணாடி எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள், காதுக்கு மெஷின் தேவையா என்றும் பார்த்துவிடலாம். ஐயா, என்னிடம் கேட்க நினைப்பதை ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள், அன்றைக்கு அதிலிருந்துதான் தொடங்குவோம்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்