வீட்டுக்கு வந்துட்ட மாப்ள

எந்திரிக்காத மாப்ள, உக்காந்தே இரு. 38 நாளா ஆஸ்பத்திரிக் கட்டில்ல பாத்த முகத்த உன் வீட்டுத் திண்ணையில பாக்குறேன். அது போதும் எனக்கு. வலி எப்படி இருக்கு? மறைக்காம சொல்லு.

தொடை எலும்புக்குள்ள கம்பி வச்சிருக்கு, எலும்பு கூட மாசக்கணக்காகும். நல்லாத்தான இருக்குன்னு நீயா நெனச்சு, டாக்டர் சொன்னதுக்கு மேல அந்தக் கால்ல பாரம் போட்டுடாத. வாக்கர முதல்ல தள்ளி வை, அடுத்து அடிபட்ட கால், கடைசியா நல்ல கால். பாத்ரூம் வாசல் மிதியடியச் சுருட்டி எடுத்துட்டேன், வாக்கர் அதுலதான் தட்டும். நீ குந்த முடியாதுல்ல, கமோடு நாற்காலி கொண்டாந்திருக்கேன். நாலு கால்லயும் ரப்பர் இருக்கு, ஆட்டிப் பாத்துட்டேன்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்க. கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். படுத்தே கெடந்த கால்ல ரத்தம் உறையும், அது நுரையீரலுக்குப் போனா ஆபத்து. மூச்சு வாங்குனா, நெஞ்சு வலிச்சா மொதல்ல 108, அப்புறம் எனக்கு. ராத்திரி 2 மணின்னாலும் யோசிக்காத. ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மருந்த நீயா நிறுத்தாத. தையல்ல நீர் கசிஞ்சாலும், காய்ச்சல் வந்தாலும் அன்னைக்கே சொல்லிடு.

பாக்க வர்றவங்கள 5 மணிக்கு மேல வரச் சொல்லியிருக்கேன். எல்லாருக்கும் விபத்துக் கதைய முதல்லருந்து சொல்லிக்கிட்டு இருக்காத, நான் சொல்லிக்கிறேன்.

அம்மாவும் இத்தன நாள் வராண்டா பெஞ்சுல படுத்தவங்கடா. இந்த வாரம் ராத்திரிக்கு நான் இங்கதான் படுக்கை. இட்லி சூடா இருக்கு, முதல்ல சாப்பிடு.