மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குச் சுருக்கக் குறிப்புகள்

(கோத்தகிரி டியூஷன் வகுப்பு, பி.காம். இரண்டாம் ஆண்டு)

பழைய வினாத்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். வரையறையை உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். எடுத்துக்காட்டு உங்கள் ஊரிலிருந்தே வரட்டும், அது மறக்காது.

1. மார்க்கெட்டிங் என்றால் என்ன? விற்பனையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பரிமாற்றத்தின் வழியாக மக்களின் தேவைகளையும் விருப்பங்களையும் நிறைவு செய்யும் செயல்பாடே மார்க்கெட்டிங். பிலிப் கோட்லர் சொல்வதன் சாரம் இது.

விற்பனை, கையில் இருக்கும் சரக்கிலிருந்து தொடங்குகிறது. மார்க்கெட்டிங், வாங்குபவரின் தேவையிலிருந்து தொடங்குகிறது. பறித்த பச்சைத் தேயிலையை மூட்டை கட்டித் தொழிற்சாலைக்கு எடை போட்டுக் கொடுப்பது விற்பனை. யாருக்கு என்ன சுவை பிடிக்கும், அவர்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்று முதலில் விசாரித்து, அதற்கேற்ப இலை பறித்து, தூள் தயாரித்து, பாக்கெட் போட்டு, வாங்கியவர் மறுபடி கேட்கும்படி செய்வது மார்க்கெட்டிங். இந்தக் கேள்விக்கு அட்டவணை போடுவது நல்லதுதான். ஆனால் தேவை எங்கே தொடங்குகிறது என்ற ஒரு வரி இல்லாவிட்டால் அட்டவணை வெறும் கோடுதான்.

2. மார்க்கெட்டிங் மிக்ஸ் (4 பி)

பொருள், விலை, இடம், விற்பனை மேம்பாடு ஆகிய நான்கின் சேர்க்கை. 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி இப்படி வகைப்படுத்தினார். ஊட்டி ஹோம்மேட் சாக்லேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: பொருள், பாதாம் சேர்த்த சாக்லேட், விலை, கால் கிலோ கணக்கு, இடம், கமர்ஷியல் ரோடு கடை, மேம்பாடு, கடை வாசலில் சுவைத்துப் பார்க்கக் கொடுக்கும் துண்டு. சேவைகளுக்கு மனிதர்கள், செயல்முறை, புறச்சான்று ஆகிய மூன்றும் சேர்ந்து 7 பி ஆகும்.

3. சந்தைக் கூறுபாடு

ஒரே மாதிரித் தேவை உள்ளவர்கள் ஒரே குழுவில் வரும்படி வாங்குபவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிப்பது. அடிப்படைகள் நான்கு: புவியியல், மக்கள்தொகை, உளவியல், நடத்தை. வர்க்கியைப் பாருங்கள். உள்ளூர்க்காரர் சாயங்கால டீக்கு வாங்குகிறார், சுற்றுலா வந்தவர் ஊருக்குக் கொண்டுபோகப் பெட்டியாக வாங்குகிறார். பொருள் ஒன்று, வாங்கும் சந்தர்ப்பம் வேறு. இது நடத்தை அடிப்படை. பலர் இதைப் புவியியல் என்று எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

4. பொருளின் வாழ்க்கைச் சுழற்சி

அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு. சரிவுக்கு நம் மலையிலேயே சாட்சி இருக்கிறது: உதகையில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ஃபிலிம். டிஜிட்டல் கேமரா வந்தபின் அந்தப் பொருள் வகையே சுருங்கிப்போனது. மக்களுக்குத் தேவைப்பட்டது படம்தான், ஃபிலிம் அல்ல. பொருளையே பார்த்துத் தேவையைக் காணத் தவறுவதைத்தான் தியோடர் லெவிட் மார்க்கெட்டிங் கிட்டப்பார்வை என்றார். இரண்டு கேள்விகளுக்கும் இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

5. பிராண்டும் புவிசார் குறியீடும் ஒன்றா?

இல்லை. பிராண்ட் ஓர் உரிமையாளருடையது. புவிசார் குறியீடு ஒரு வட்டாரத்துக்குரியது, அங்கு விளைவிப்பவர்கள் பதிவு செய்துகொண்டு பயன்படுத்தலாம். 2019-இல் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு நல்ல எடுத்துக்காட்டு.

6. விலை உத்திகள்

ஸ்கிம்மிங்: தொடக்கத்தில் அதிக விலை, பிறகு குறைப்பது. பெனட்ரேஷன்: தொடக்கத்தில் குறைந்த விலை, சந்தையைப் பிடித்தபின் ஏற்றுவது. இரண்டு மார்க் கேள்விக்கு இவ்வளவு போதும்.

7. விநியோக வழிகள் (படத்துடன்)

உற்பத்தியாளரிடமிருந்து நுகர்வோரிடம் பொருள் போய்ச் சேரும் பாதை. பத்து மார்க் கேள்வி என்றால் படம் கட்டாயம்.

```
நேரடி வழி (சாக்லேட்):
தயாரிப்பாளர் → நுகர்வோர்

நீண்ட வழி (தேயிலை):
சிறு விவசாயி
   ↓ பச்சை இலை
தொழிற்சாலை
   ↓ தூள்
குன்னூர் ஏலம்
   ↓
பாக்கெட் நிறுவனம்
   ↓
மொத்த வியாபாரி
   ↓
சில்லறைக் கடை
   ↓
நுகர்வோர்
```

படத்தை வரைந்துவிட்டு நிறுத்தாதீர்கள், காரணத்தையும் எழுதுங்கள். பறித்த இலை வாடிப்போகும், அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். விவசாயியால் அதைப் பிடித்துவைத்து விலை பேச முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் தரம் பிரித்தல், சேமிப்பு, போக்குவரத்து என்று ஒரு வேலை நடக்கிறது, அதற்கான கூலியும் லாபமும் விலையில் ஏறுகின்றன. அதனால்தான் கடையில் நாம் கொடுக்கும் விலைக்கும் இலைக்குக் கிடைக்கும் விலைக்கும் இவ்வளவு தூரம். உங்கள் அப்பாவோ பெரியம்மாவோ இலை போடுபவராக இருந்தால், போன வாரம் கிலோவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டு, அந்தத் தொகையைப் படத்தின் முதல் அம்புக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.