அறிவித்தல்: தேங்கிய தண்ணீர், புகையடித்தல், டெங்கு

குடியிருப்போர் நலன்புரிச் சங்கம்
தொடர்மாடிக் குடியிருப்பு, கல்லடி, மட்டக்களப்பு
09.01.2025, வியாழக்கிழமை

ஏ, பி, சி கட்டடங்களில் வசிக்கும் அனைவருக்கும்,

பி கட்டடத்தில் இரண்டு வீடுகளில் டெங்கு உறுதியாகியுள்ளது. ஒருவர் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை; போதனா வைத்தியசாலையில் நான்கு நாள் இருந்துவிட்டு நேற்று வீடு வந்துவிட்டார். மற்றவர் இன்னமும் வார்டில் இருக்கிறார். எந்த வீடு, யார் என்று விசாரித்துத் திரிய வேண்டாம். இது ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவதல்ல, நுளம்பு கடித்துத்தான் வரும். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட வேண்டாம் என்று தடுப்பதில் அர்த்தமில்லை.

செவ்வாய்க்கிழமை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். பி கட்டட லிஃப்டுக்குக் கீழேயுள்ள குழியில் மார்கழி மழைத் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அவர் ஒரு வெள்ளை அகப்பையால் அள்ளி டோர்ச் அடித்துக் காட்டினார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நுளம்புக் குடம்பிகள் கை நிழல் பட்டதும் நெளிந்து அடிக்குப் போயின. ஒரே அகப்பையில் பதினான்கு எண்ணினோம். மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தாங்கியின் மூடி விரிந்து கிடந்தது, கூரைப் பீலி இலைகுப்பையால் அடைத்திருந்தது. இவையெல்லாம் சங்கத்தின் பொறுப்பு, மன்னிக்கவும். குழித் தண்ணீரை நேற்றே மோட்டர் வைத்து இறைத்தாயிற்று (வாடகை 4,500 ரூபா, பராமரிப்பு நிதியிலிருந்து). பீலி துப்புரவாகிவிட்டது. புதிய மூடி நாளை வரும்.

ஆனால் மீதி எங்கள் கையில் இல்லை. அன்று உள்ளே போகக் கிடைத்த இருபத்தியிரண்டு வீடுகளில் ஒன்பதில் குடம்பி இருந்தது. பெல்கனிப் பூச்சாடிகளுக்கு அடியிலுள்ள தட்டு, ஜன்னலோரம் போத்தலில் வைத்த மணிபிளாண்ட், ஏ.சி. தண்ணீர் விழும் வாளி, துடைப்பத்தை ஊறவிட்ட பக்கற். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு. அந்த வீட்டு அக்கா வீட்டைக் கண்ணாடி போல வைத்திருப்பவர். அப்படியொரு தட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரியாது என்றே நினைக்கிறோம். இன்றைக்கே ஃபிரிட்ஜை இழுத்துப் பாருங்கள்.

"நுளம்பு வாவியிலிருந்து வருகுது, நாங்க என்ன செய்ய?" என்று கேட்கிறார்கள். டெங்கு நுளம்பு வாவியின் பரந்த தண்ணீரைத் தேடிப் போவதில்லை. சிரட்டை, யோகட் கப், தகரப்பேணி, ரயர் போன்றவற்றில் நிற்கும் கொஞ்சத் தண்ணீரே அதற்குப் போதும். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள்தான் சுற்றும். ஆகவே நம்மைக் கடிப்பது நம் வளவு நுளம்புதான். உவர்த் தண்ணீரில் அது பெருகாது என்ற நம்பிக்கையும் சரியல்ல. நமது மட்டக்களப்புக் கரையோரத்திலேயே ஓரளவு உவர்ப்பான தண்ணீரில் இந்தக் குடம்பிகளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பின்மதிலோரம் ஏற்றி வைத்திருக்கும் தோணிக்கு உரியவர் அதைக் கவிழ்த்து வைக்கவும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரிக்கும். தும்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒரு தரம் இதைச் செய்தேயாக வேண்டும்.

புகையடித்தல் சனிக்கிழமை (11ஆம் திகதி) மாலை 5 மணிக்கு. மழை பெய்தால் மறுநாள் அதே நேரம். விளக்கேற்றுவதற்கும் மஃரிபுக்கும் முன் முடித்துத் தரும்படி கேட்டிருக்கிறோம். 4.45க்குக் காவலாளி மணி அடிப்பார். அடுப்பு, சாமி விளக்கு, சாம்பிராணி, நுளம்புச் சுருள் எல்லாவற்றையும் அணைத்து விடுங்கள். சோறு, கறி, குடிதண்ணீரை மூடி வையுங்கள். மீன் தொட்டியை மூடிக் காற்று மோட்டரை நிறுத்துங்கள், கிளிக்கூட்டை வெளியே கொண்டுபோங்கள், கொடியில் காயும் உடுப்பை எடுத்துவிடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் முன்வாசல் பக்கம் வாருங்கள். புகை உள்ளே போனால்தான் கட்டிலுக்கு அடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் நுளம்பு சாகும். அரை மணி நேரம் கழித்து உள்ளே போகலாம். தொய்வு உள்ளவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் அன்று மாலை உறவினர் வீட்டில் இருப்பது நல்லது. சி கட்டட மூன்றாம் மாடியில் படுக்கையிலிருக்கும் ஐயாவை இறக்க நான்கு இளைஞர்கள் தேவை, பெயர் கொடுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடந்த கூட்டத்தில் "சங்கம் புகையடிக்கவில்லை" என்பதே பெரிய சத்தமாக இருந்தது. புகை பறக்கும் நுளம்பை மட்டும்தான் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் குடம்பிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சனிக்கிழமை புகையடித்துவிட்டுச் சாடித் தட்டுகளை அப்படியே விட்டால், பொங்கல் முடிந்த கையோடு புதிய நுளம்பு கிளம்பும். எனவே ஞாயிறு (12ஆம் திகதி) காலை 7 மணிக்குச் சிரமதானம். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம். பிளேன்டீயும் பணிஸும் சங்கத்தின் செலவு. ஏ கட்டடத்துக்குப் பின்னால் யாரோ கழற்றிப் போட்ட கொமட் ஒன்று இரண்டு மாதமாகத் தண்ணீரோடு கிடக்கிறது. யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். ஞாயிறுக்கு முன் அகற்றினால் பெயர் சொல்ல மாட்டோம். பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது பழைய பானை சட்டிகளையும் பின்வளவில் எறிய வேண்டாம்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஏழு. உரிமையாளர்கள் சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அங்கு பாவனையில்லாத கொமட்டிலும் ஃபிளஷ் தாங்கியிலும் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிறது. சாவி வைத்திருக்கும் உறவினர் வெள்ளி இரவுக்குள் காவலாளி அறையில் சொல்லவும். போயா, பொங்கல் என்று ஊருக்குப் போகிறவர்களும் கொமட்டை மூடி, வாளிகளைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். 22ஆம் திகதி மறுபரிசோதனை. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வளவில் குடம்பி இருந்தால் அதன் உரிமையாளரோ அங்கு குடியிருப்பவரோதான் பொறுப்பு. நீதிமன்றம் போக நேர்ந்தால் சங்கம் கூட வராது.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு குளிசை போட வேண்டாம். அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்குளோஃபெனக் இரத்தப்போக்கை உண்டாக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஜீவனி, இளநீர், கஞ்சி குடிக்கக் கொடுங்கள். காய்ச்சல் குறைந்ததும் சுகம் என்று நினைக்கக்கூடாது. ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். தாங்க முடியாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் கண்டால் இரவென்றாலும் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். பின்வளவுப் பப்பாசி மரத்தில் இப்போது இலையே இல்லை. சாறு குடிக்கிறவர்கள் குடியுங்கள், ஆனால் அதை நம்பி வைத்தியரிடம் போகாமல் இருக்க வேண்டாம்.

காய்ச்சல்காரர் இருக்கும் வீட்டார் உடனே சங்கத்துக்கு அறிவிக்கவும். பரிசோதகருக்குச் சொல்வது எங்கள் வேலை. சாவி, சிரமதானப் பெயர்ப்பதிவு இரண்டுக்கும் காவலாளி அறையில் கொப்பி வைத்திருக்கிறது.

செயலாளர்
(நிர்வாக சபைக்காக)